‘இருக்கும்’ என்று முடிந்த ஐந்தாம் வரி: பட்டியல்களிலும் தலைப்புகளிலும் இணை அமைப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த ஆவணம்

வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் மின்னணு இரத்த அழுத்தமானியுடன் தரப்படும் நான்கு பக்க விளக்கத்தாள் ஒன்று, அச்சுக்குப் போகும் முன் மொழித் திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. ஆங்கில மூலத்தை இருவர் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு மொழிபெயர்த்திருந்தனர். அதன் பிறகு இருமுறை மெய்ப்பும் பார்க்கப்பட்டிருந்தது. எழுத்துப் பிழை, சந்திப் பிழை என்று சொல்லத்தக்கவை அதில் அநேகமாக இல்லை. தனித்தனியே எடுத்துப் படித்தால் ஒவ்வொரு வரியும் நல்ல தமிழாகவே இருந்தது. ஆயினும் இரண்டாம் பக்கத்தில் இருந்த பட்டியலைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது, சமமற்ற படிகளில் இறங்குவதுபோல் ஒவ்வொரு வரியிலும் கால் இடறியது. அந்தப் பட்டியல் இது:

அளவெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காஃபி, தேநீர் அருந்துவதையும் புகைப்பதையும் தவிர்க்கவும்.
2. சிறுநீர் கழித்துவிட்டு வருதல்.
3. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.
4. முதுகுக்குச் சாய்மானம், பாதங்கள் தரையில்.
5. கைப்பட்டை இதய மட்டத்தில் இருக்கும்.
6. பேசக் கூடாது.
7. திரையில் பிழைக்குறி தோன்றினால் பட்டை தளர்வாக உள்ளது.

ஏழு வரிகளில் ஏழு வடிவங்கள். முதல் வரி மரியாதையான கட்டளை, இரண்டாவது தொழிற்பெயர், மூன்றாவது கடமையைச் சொல்லும் ‘வேண்டும்’, நான்காவது வினையே இல்லாத இரண்டு பெயர்த்தொடர்கள், ஐந்தாவது ஒரு நிலையைச் சொல்லும் வினைமுற்று, ஆறாவது விலக்கு, ஏழாவது நிபந்தனையும் அதன் காரணமும் கலந்த செய்தி. ஒரு பட்டியலின் உறுப்புகள் அனைத்தும் ஒரே இலக்கண வடிவில் அமைவதையே இணை அமைப்பு என்கிறோம். இதை நடைநயம் சார்ந்த விதியாகவே பலரும் கருதுகின்றனர். இந்தத் தாளைத் திருத்தியபோது நான் கண்டது வேறு: வடிவம் மாறிய இடங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பொருளும் பழுதாகியிருந்தது.

தடுமாறிய வரி

திருத்தத் தொடங்குவதற்கு முன், இக்கருவியை இதுவரை பயன்படுத்தியிராத ஒருவரிடம் தாளையும் கருவியையும் கொடுத்து, படித்தபடியே செய்யுமாறு கேட்டுக்கொண்டேன். முதல் நான்கு வரிகளை அவர் சிறு தயக்கங்களுடன் கடந்தார். ஐந்தாம் வரியில் நின்று, அதை மீண்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, “பட்டை அங்கே இருக்கும் என்றால், நான் எதுவும் செய்ய வேண்டியதில்லையா?” என்று கேட்டார். கை மடியின்மேல் தாழ்ந்து கிடக்க, அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

அவர் கேட்டது முறையான கேள்வி. ‘இருக்கும்’ என்பது கருவி இயல்பாகவே அப்படி அமைந்திருப்பதைச் சொல்லும் முற்று. ‘பட்டையில் குறி ஒன்று இருக்கும்’ என்று எழுதுவதும் இதே வடிவில்தான். மொழிபெயர்ப்பாளர் சொல்ல நினைத்ததோ, பட்டை இதய மட்டத்துக்கு வரும்படி கையை உயர்த்தி வைக்க வேண்டும் என்பது. இந்த வேறுபாடு சிறியதன்று. கை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. தாழ்ந்திருந்தால், இடைப்பட்ட இரத்தத் தம்பத்தின் எடையால் மட்டுமே அளவு ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டும். மருந்தின் அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்னும் முடிவைச் சாய்க்க அது போதும்.

இந்த இடறல் எப்படி நேர்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பட்டியலைப் படிப்பவர் ஒவ்வொரு வரியையும் புதிதாக அலசுவதில்லை. முதல் ஓரிரு வரிகளிலிருந்து ஓர் அச்சை வார்த்துக்கொண்டு, அடுத்து வருவதை அந்த அச்சில் பொருத்திப் பொருத்திப் போகிறார். மொழி உளவியலாளர் லின் ஃபிரேசியரும் உடனாய்வாளர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, இணைக்கப்பட்ட இரு பகுதிகளில் இரண்டாவது பகுதி முதலாவதன் அமைப்பை ஒத்திருக்கும்போது அது விரைவாகப் படிக்கப்படுகிறது என்று காட்டியது. அச்சு பொருந்தினால் அலசும் வேலை மிச்சமாகிறது. பொருந்தாவிட்டால் வார்த்த அச்சை உடைத்துவிட்டுத் திரும்பவும் தொடங்க வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்த உடைப்பு வரியின் இறுதியில் நேர்வதால் அதன் விலை கூடுகிறது. ஆங்கிலக் கட்டளை வினைச்சொல்லுடன் தொடங்குவதால், வடிவம் மாறியது அங்கே முதற்சொல்லிலேயே தெரிந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. அதுவரை வந்த பெயர்களுக்கெல்லாம் எதிர்பார்ப்பின் அடிப்படையிலேயே படிப்பவர் பொறுப்புகளை ஒதுக்கிவைத்திருக்கிறார். அஃறிணைச் செயப்படுபொருளுக்குத் தமிழில் ‘ஐ’ உருபு கட்டாயமன்று; ‘தண்ணீர் குடியுங்கள்’ என்றால் தண்ணீர் செயப்படுபொருள்தான். ஆகவே கட்டளைகளுக்கு நடுவே ‘கைப்பட்டை இதய மட்டத்தில்’ என்று படித்தவுடன், கைப்பட்டையைச் செயப்படுபொருளாகக் கொண்டு ‘வையுங்கள்’ என்ற வினைக்குக் காத்திருக்கிறோம். ‘இருக்கும்’ வந்து சேர்ந்ததும் கைப்பட்டை எழுவாயாக மாறிவிடுகிறது. செய்பவராகிய நாம் வாக்கியத்திலிருந்து வெளியே தள்ளப்படுகிறோம். வெறும் ஒலி மாறியதால் வந்த நெருடல் அன்று இது. யார் செய்வது, எதைச் செய்வது என்ற கணக்கு கடைசி நொடியில் தலைகீழாவதால் வருவது.

இரண்டு மெய்ப்பிலும் இது தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. தவிர்க்கவும், வேண்டும், இருக்கும் என்ற மூன்றும் ‘உம்’ என்ற ஒலியில் முடிகின்றன. காது அவற்றை ஓரினமாகக் கேட்டு அமைதியடைந்துவிடுகிறது. இலக்கணத்தில் அவை மூன்று இனங்கள். ஈறுகள் ஒலியால் ஒத்திருப்பதை இணை அமைப்பு என்று எண்ணிவிடுவதே தமிழ்ப் பட்டியல்களில் மிக எளிதாக நேரும் ஏமாற்றம் என்பது என் கருத்து.

இன்னொரு காரணம் பக்கத்தின் அமைப்பில் இருக்கிறது. திருத்துபவரின் கண் இடது ஓரமாகக் கீழே இறங்குகிறது. தமிழ் வரியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் சொல்லோ வலது முனையில், ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு தூரத்தில் நிற்கிறது. அதனால் நான் பட்டியலைச் சரிபார்க்கும்போது ஒவ்வோர் உறுப்பின் இறுதிச் சொல்லை மட்டும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொள்வேன். பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து ‘இதைச் செய்வது யார்?’ என்று கேட்பேன். ஒலியை மட்டும் ஒப்பிட்டால் ‘இருக்கும்’ தப்பிவிடும். செய்பவரைக் கேட்டால் தப்பாது.

தேர்ந்த வடிவம்

எந்த வடிவத்துக்கு ஏழு வரிகளையும் கொண்டுவருவது என்பது அடுத்த கேள்வி. முதல் வரி ‘தவிர்க்கவும்’ என்று இருப்பதால் அனைத்தையும் ‘-வும்’ என்று முடித்துவிடலாம் என்றே முதலில் தோன்றியது. ஆறாம் வரி அதைத் தடுத்தது. ‘பேசவும்’ என்பதற்கு அதே வடிவத்தில் எதிர்மறை கிடையாது. ‘பேச வேண்டாம்’ என்றோ ‘பேசாமல் இருக்கவும்’ என்றோ சுற்றிப் போக வேண்டும். ‘அசையவும் பேசவும் கூடாது’ என்று எழுதினாலோ, அங்கே ‘உம்’ எண்ணும்மை. ‘பேசவும்’ என்ற இடத்தில் வரி மடிந்துவிட்டால், ஒரு கணம் அது பேசச் சொல்லும் கட்டளையாகவே கண்ணில் படும். மருத்துவக் கருவியின் தாளில் அந்த ஒரு கணத்தை நான் விட்டுவைக்க விரும்பவில்லை.

தொழிற்பெயரைப் பொறுத்தவரை எதிர்மறை எளிது. ‘பேசாமை’, ‘பேசாதிருத்தல்’ என்று எழுதலாம். ஆனால் தொழிற்பெயர் செயலுக்குப் பெயர் வைக்கிறதே தவிர, அதைச் செய்யுமாறு யாரிடமும் சொல்வதில்லை. செயல்முறைப் பட்டியலில் அது விலகி நின்று பேசுவது போலாகும். ‘செய்க’ என்னும் வியங்கோள் சுருக்கமானது, அழகானதும்கூட; தேர்வுத்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும் அது பொருந்துகிறது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் ஒருவரோடு பேசும்போது அது சற்று எட்டத்தில் நிற்கிறது. இறுதியில் ‘செய்யுங்கள் – செய்யாதீர்கள்’ என்ற இணையைத் தேர்ந்தோம். செய் என்பதற்கும் செய்யாதே என்பதற்கும் ஒரே முன்னிலையும் ஒரே மரியாதையும் அதில் கிடைக்கின்றன. பட்டியலின் வடிவத்தை அதன் முதல் உறுப்பு தீர்மானிக்கக் கூடாது. மாற்றுவதற்கு மிகக் கடினமான உறுப்பே தீர்மானிக்க வேண்டும் என்பதை இங்கே உறுதியாகக் கற்றேன்.

வடிவம் ஒன்றானதும், அதுவரை மறைந்திருந்த இரண்டு கோளாறுகள் வெளியே வந்தன. நான்காம் வரி ‘முதுகுக்குச் சாய்மானம், பாதங்கள் தரையில்’ என்ற பெயர்த்தொடராக இருந்தவரை, அதை எப்போது செய்வது என்ற கேள்வியே எழவில்லை. ‘முதுகைச் சாய்த்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி உட்காருங்கள்’ என்று வினை கொடுத்தவுடன், மூன்றாம் வரியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தவரை நான்காம் வரியில் மீண்டும் உட்காரச் சொல்கிறோம் என்பது தெரிந்தது. வரிசை தவறு, ஓய்வெடுக்கும் ஐந்து நிமிடமும் அதே இருக்கை நிலையிலேயே கழிய வேண்டும். ஆறாம் வரியிலோ, ‘பேசாதீர்கள்’ என்று எழுதியதும் ‘எதுவரை?’ என்ற கேள்வி வந்தது. பேசாதிருக்க வேண்டியது பட்டை இறுகித் தளரும் நேரத்தில்; ‘அளவெடுக்கும் முன்’ என்ற தலைப்பின்கீழ் அதற்கு இடமில்லை. அதைத் தொடக்கப் பொத்தானை அழுத்தும் படிக்கு அடுத்ததாக, அளவெடுக்கும் பட்டியலுக்கு மாற்றினோம். எஞ்சிய பட்டியல் இப்படி நின்றது:

1. அளவெடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காஃபியோ தேநீரோ அருந்தாதீர்கள், புகைக்காதீர்கள்.
2. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.
3. முதுகைச் சாய்த்து, இரு பாதங்களையும் தரையில் ஊன்றி உட்காருங்கள்.
4. அந்த நிலையிலேயே ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள்.
5. கைப்பட்டை இதய மட்டத்துக்கு வரும்படி கையை மேசைமீது வையுங்கள்.

வரிகளின் நீளம் சமமாக இல்லை. அது தேவையுமில்லை. ஒத்திருக்க வேண்டியது ஒவ்வொரு வரியும் படிப்பவரோடு கொள்ளும் உறவு.

பொருந்தாத வினை

மூன்றாம் பக்கத்தில் வேறு வகையான பட்டியல் ஒன்று இருந்தது. ‘கருவியைத் தூய்மை செய்யும்போது’ என்று தொடங்கி, ‘பென்சீன், தின்னர் போன்ற கரைப்பான்கள்’, ‘நீரில் அமிழ்த்துதல்’, ‘கூர்மையான பொருள்கள்’ என்று மூன்று உறுப்புகளைக் கீழே கீழே அடுக்கி, அவற்றுக்கும் கீழே ‘ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது’ என்று அது முடிந்தது. கரைப்பானைப் பயன்படுத்தலாம், கூர்மையான பொருளையும் பயன்படுத்தலாம். அமிழ்த்துதலை எப்படிப் பயன்படுத்துவது? நடுவில் இருக்கும் தொழிற்பெயர் இறுதி வினையோடு ஒட்டவே இல்லை.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட குற்றம் அன்று. பல பொருள்களை அடக்கும் ஒரு பொதுச்சொல்லை, அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையால் முடிக்கக் கூடாது என்றும், பொருள்களைத் தனித்தனியே எண்ணும்போதும் அதுவே மரபு என்றும் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் விதிக்கிறது. இசைக்கருவியைக் குறிக்கும் ‘இயம்’ என்ற சொல்லில் கொட்டுவனவும் ஊதுவனவும் அடங்கும். எனவே ‘இயம் இயம்பினார்’ என்று பொதுவினையால் முடிக்க வேண்டும், ‘கொட்டினார்’ என்று முடிப்பது வழு என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். குறியிட்டு அடுக்கும் பட்டியல் அச்சோடு வந்த பழக்கமாக இருக்கலாம். எண்ணப்படும் ஒவ்வொன்றோடும் முடிக்கும் சொல் பொருந்த வேண்டும் என்ற கவலை தமிழ் இலக்கணத்துக்கு மிகப் பழையது. இந்த விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுள் எத்தனை பேர் அதை ஒரு விளக்கத்தாளைத் திருத்தப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. எனக்கே அது வெகுகாலம் தோன்றவில்லை.

இந்தப் பட்டியலில் இன்னொரு தீங்கும் இருந்தது. வினை கடைசியில் வருவதால், மூன்று உறுப்புகளையும் படித்து முடிக்கும்வரை இவை செய்ய வேண்டியவையா, செய்யக் கூடாதவையா என்பது படிப்பவருக்குத் தெரியாது. ஓடும் வாக்கியத்தில் இந்தக் காத்திருப்பு நமக்குப் பழகியது. உறுப்புகள் தனித்தனி வரிகளாகப் பிரிந்து நிற்கும்போது, பாதியில் நிறுத்திவிட்டுக் கருவியைப் பார்ப்பவருக்கு அது ஆபத்து. ஆகவே முடிக்கும் சொல்லை முன்னே கொண்டுவந்து தலைவாக்கியத்தை நிறைவாக்கினோம்: ‘தூய்மை செய்யும்போது தவிர்க்க வேண்டியவை’. அதன்கீழ் ‘கரைப்பான்களால் துடைத்தல்’, ‘நீரில் அமிழ்த்துதல்’, ‘கூரிய பொருளால் சுரண்டுதல்’ என மூன்றும் தொழிற்பெயர்களாயின. இங்கே தொழிற்பெயர் பொருத்தமானது. கட்டளையைத் தலைவாக்கியமே சொல்லிவிட்டதால், உறுப்புகள் செயல்களைப் பெயரிட்டால் போதும். ஒரே தாளில் ஒரு பட்டியல் ஏவலிலும் மற்றொன்று தொழிற்பெயரிலும் இருப்பது முரண்பாடு ஆகாது. ஒவ்வொரு பட்டியலும் தன் தலைவாக்கியத்துக்கே கடமைப்பட்டது.

சிதறிய தலைப்புகள்

தலைப்புகளில் வந்த சிக்கல் வேறு விதமானது. ‘கருவியின் பாகங்கள்’, ‘பட்டையைக் கட்டுவது எப்படி?’, ‘அளவெடுத்தல்’, ‘முடிவுகளைப் புரிந்துகொள்ளுங்கள்’, ‘சுத்தம் செய்ய’, ‘பிழைக்குறிகள்’ என்று ஆறு தலைப்புகள் இருந்தன. அவை நான்கு பக்கங்களில் விலகி நிற்பதால் படிக்கும்போது அவ்வளவாக உறுத்தவில்லை. அவற்றை எடுத்து முதல் பக்கத்தின் உள்ளடக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோதுதான் நெருடின. தலைப்புகளும் ஒரு பட்டியலே. பக்கங்கள் அவற்றைப் பிரித்து மறைத்துவைக்கின்றன.

‘சுத்தம் செய்ய’ என்ற தலைப்பு முடியாமல் தொங்குகிறது. செய என்னும் வாய்பாட்டு எச்சம் ஒரு வினைக்குக் காத்திருக்கும், அந்த வினை வருவதேயில்லை. ‘புரிந்துகொள்ளுங்கள்’ என்பது தலைப்பிலிருந்தே கட்டளையிடுவதால், அதன்கீழ் வரும் கட்டளைகளிலிருந்து வேறுபட்டு நிற்பதில்லை. ‘எப்படி?’ என்ற வடிவம் தன்னளவில் குற்றமற்றது. எல்லாத் தலைப்புகளையும் அதற்கு மாற்றினால் ஒவ்வொரு வரியும் ‘எப்படி’ என்றே முடிந்து சலிப்பூட்டும்.

செயல்களைச் சொல்லும் நான்கையும் ‘பட்டையைக் கட்டுதல்’, ‘அளவெடுத்தல்’, ‘அளவைப் படித்தறிதல்’, ‘தூய்மை செய்தல்’ என்று தொழிற்பெயர்களாக்கினோம். ‘பாகங்கள்’, ‘பிழைக்குறிகள்’ என்ற இரண்டையும் மாற்றாமல் விட்டோம். ஒருமைப்பாடு வேண்டும் என்று ‘பாகங்களை அறிதல்’, ‘பிழைக்குறிகளைக் களைதல்’ என்று அவற்றையும் இழுக்குமாறு உடன் பணியாற்றியவர் சொன்னார். நான் உடன்படவில்லை. அந்த இரண்டும் வரிசையாகச் செய்வதற்கானவை அல்ல, தேவைப்படும்போது புரட்டிப் பார்ப்பதற்கானவை. வெறும் பெயராக நிற்பதே அந்த வேறுபாட்டைச் சொல்கிறது. வடிவம் மாறும் இடத்தில் பொருளின் வகையும் மாறினால், அந்த மாற்றம் படிப்பவருக்கு வழிகாட்டும். ஒன்று தாளின் தொடக்கத்திலும் மற்றொன்று இறுதியிலும் இருந்ததால், நான்கு செயல்களும் நடுவில் முறியாத ஒரே தொடராக அமைந்தன.

இடம்பெயர்ந்த வரி

முதல் பட்டியலின் ஏழாம் வரியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ‘பிழைக்குறி தோன்றினால் பட்டையை மீண்டும் கட்டுங்கள்’ என்று ஈற்றை மட்டும் மாற்றி அதையும் பட்டியலோடு ஒட்டவைத்திருக்கலாம்; வடிவம் சரியாகியிருக்கும், பழுது ஆழத்தில் புதைந்திருக்கும். பிழைக்குறி அளவெடுத்த பிறகே தோன்றும். அது முன்னேற்பாடே அன்று. பட்டியலில் ஓர் உறுப்பு மற்றவற்றின் வடிவத்துக்கு வர மறுத்தால், அது அந்தப் பட்டியலைச் சேர்ந்ததுதானா என்று முதலில் கேட்க வேண்டும்; ஈற்றை மாற்றுவது அதற்குப் பிறகு.

அந்த வரியைப் பிழைக்குறிகளின் அட்டவணைக்கு அனுப்பினோம். அங்கே மூன்று பத்திகள்: குறி, காரணம், செய்ய வேண்டியது. குறியின் பத்தியில் திரையில் தெரியும் எழுத்து. காரணத்தின் பத்தி முழுவதும் ‘பட்டை தளர்வாக உள்ளது’, ‘கை அசைந்துள்ளது’ என நிலையைச் சொல்லும் முற்றுகள். மூன்றாவது பத்தி முழுவதும் கட்டளைகள். அட்டவணையில் இணை அமைப்பு குறுக்காக வேண்டியதில்லை, நெடுக்காக இருந்தால் போதும். ஏழாம் வரியை மூன்றாகப் பிரித்து இட்டபோது குறியும் காரணமும் தம் கட்டங்களில் அமர்ந்தன. மூன்றாவது கட்டம் காலியாக நின்றது. மூல வாக்கியம், பட்டை தளர்ந்திருப்பதைச் சொன்னதே தவிர, என்ன செய்வது என்று சொல்லவே இல்லை. ஆங்கில மூலத்தைத் திறந்து பார்த்தோம். அங்கேயும் அது விடுபட்டிருந்தது. தயாரிப்பாளரிடம் கேட்டு, ‘பட்டையை அவிழ்த்து மீண்டும் கட்டுங்கள், ஒரு நிமிடம் கழித்து மறுபடி அளவெடுங்கள்’ என்ற விடையைப் பெற்று அந்தக் கட்டத்தில் இட்ட பிறகே தாள் அச்சுக்குப் போனது.